கடைசிப் பக்கத்தில் 7 கொப்பிகள்

கேள்வி: "பண்டாரவளையில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலை புதிதாக என் தலையில் விழுந்திருக்கிறது. 60 சீவி வந்திருக்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு வாசிக்கவே முடியாத நிலை, எழுத்து உடைந்து, பக்கம் கலைந்து கிடக்கிறது. ஒரு தாளை ஒழுங்காகத் தயாரிக்காதவர் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்வாரா? அவற்றைப் பார்க்காமலே தள்ளிவிட்டால் எதையாவது இழப்பேனா?"

நான் ஒருவரை அப்படித் தள்ளினேன். கடைசியில் ஒரேயொரு சொல் கண்ணில் பட்டதால் திரும்ப எடுத்தேன், அவர்தான் அந்த வேலைக்கு வந்தார். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலை நிர்வாகத்தில் 16 வருடம் இருந்திருக்கிறேன், அதில் 9 வருடம் ஆள் எடுக்கும் பொறுப்பு. நீங்கள் கேட்கும் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு ஆளிடமிருந்து வந்தது, அதனால் அதையே சொல்கிறேன்.

2018 ஒக்டோபர். எங்களுக்கு இரவு வேலைக்கு ஒரு உதவி டீமேக்கர் வேண்டியிருந்தது. வெளியாட்களுக்கு ஒரு விளக்கம்: கொழுந்து பின்னேரம் தொழிற்சாலைக்கு வந்து சேரும், இரவு முழுக்க வாட்டுத் தொட்டியில் காற்றில் கிடந்து வாடும், விடியப்புறம் அரைக்கத் தொடங்குவார்கள். ஆக, தேயிலை நல்லதாக வருவதும் கெட்டுப்போவதும் பெரிய துரை தூங்கும் நேரத்தில்தான் தீர்மானமாகிறது. அந்த நேரத்தில் முழித்திருந்து, கொழுந்தைத் தொட்டுப் பார்த்து, காற்றைக் கூட்டிக் குறைத்து முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர்தான் எங்களுக்குத் தேவை. பத்திரிகையில் விளம்பரம் போட்டோம், 2 வாரத்தில் 43 விண்ணப்பம் வந்தது.

ஒரு நாள் மாலை 7 மணிக்கு மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தேன். ஒரு சீவிக்கு அரை நிமிடம்கூட இல்லை. கூப்பிடலாம், யோசிக்கலாம், வேண்டாம் என்று 3 பகுதி. இதில் நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அரை நிமிடத்தில் நான் எதையும் வாசிக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். எழுத்து நேராக நிற்கிறதா, படம் அளவாக இருக்கிறதா, பட்டம் ஏதாவது தெரிகிறதா என்று கண் ஓடியது, கை தானாகப் பிரித்துப் போட்டது. நல்ல தாளைப் பார்த்ததும் "இவர் கவனமான ஆள்" என்று மனம் சொல்லிவிடுகிறது, அதற்குப் பிறகு வாசிப்பதெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடுவதுதான்.

27ஆவதாக வந்தது மின்னஞ்சலில். தலைப்பு இல்லை, கடிதம் இல்லை, Doc1.doc என்ற பெயரில் ஒரு வேர்ட் கோப்பு மட்டும். திறந்தால் முதல் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், ஆனால் ஆங்கிலம் இல்லை. பல சொல்லின் நடுவிலும் கடைசியிலும் அரைப்புள்ளி. அட்டவணையின் வலப்பக்கம் தாளைவிட்டு வெளியே போய்விட்டது. படம் பக்கவாட்டில் இழுபட்டு முகம் தெரியவில்லை. இரண்டாம் பக்கம் வெறுமை. மூன்றாவதில் பரீட்சைப் பெறுபேறு மாதிரி ஏதோ ஒன்று, கணிதத்துக்கு நேரே S, ஆங்கிலத்துக்கு நேரே W. அது மட்டும்தான் வாசிக்கக்கூடியதாக இருந்தது, அதுவும் அவருக்கு உதவாத பகுதி. வேண்டாம் பகுதியில் போட்டேன். கோபம்கூட வரவில்லை.

கோப்பை மூடப்போகும்போது நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு சொல் தெரிந்தது: Njapiy. என் கை அதை அறிந்தது. இளவயதில் ஒரு அச்சகத்தில் 2 வருடம் தட்டச்சு செய்திருக்கிறேன். பாமினி எழுத்துருவில் "தேயிலை" என்று அடிக்க அந்த விசைகளைத்தான் அந்த வரிசையில் அழுத்த வேண்டும். திரும்ப மேலே போய்ப் பார்த்தேன். tpyhrk; என்று இருந்தது, விலாசம். njhopw;rhiy என்று இருந்தது, தொழிற்சாலை. நான் குப்பை என்று நினைத்ததெல்லாம் ஒழுங்கான தமிழ்!

உங்களிடம் இருக்கும் பத்துப் பன்னிரண்டில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பதால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தமிழ் அடிக்கும்போது கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். j என்று பதிந்திருக்கும், அந்த j-க்கு "த" என்ற வடிவத்தை அந்த எழுத்துரு வரைந்து காட்டும், புள்ளிக்கு அரைப்புள்ளி. அதே எழுத்துரு உங்கள் கணினியிலும் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து அப்படியே வெளியே வந்து நிற்கும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கென்று தனி எண்ணே இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை, நாம் இங்கே எழுதுவதும் யூனிகோடில்தான். ஆனால் இலங்கையில் அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி இன்னும் ஓடுகிறது, பழகிய கை அதைவிட்டு வராது. அனுப்பியவரின் திரையில் அந்தத் தாள் அழகாகவே தெரிந்திருக்கும். என் திரையில் உடைந்ததற்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பில்லை, உடைந்தது என்று அவருக்குத் தெரியவே வழியில்லை.

பாமினியை இறக்கிப் போட்டு, முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவை மாற்றினேன். தமிழ் வந்தது. நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் அடித்திருந்த 2 வரி மட்டும் இப்போது அர்த்தமில்லாத தமிழாகிவிட்டது, அதைத் தனியாக மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்துப் 10 நிமிட வேலை.

இனி உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். முதல் பக்கம் நம் ஊர் சீவிகளில் எப்போதும் இருப்பதுதான். முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, சமயம், இனம், விவாக நிலை. அடுத்து பாடசாலை, சாதாரண தரப் பெறுபேறு. அடுத்து "வேறு தகைமைகள்" என்று கரப்பந்தாட்டக் குழு, மாணவத் தலைவர். எல்லாம் முடிந்த பிறகு, நான்காம் பக்கத்தின் அடியில், "ஏனையவை" என்ற சொல்லுக்குக் கீழே 5 வரி. 2009இலிருந்து ஒரு தொழிற்சாலையில் வாட்டுத் தொட்டி வேலை. 2012இலிருந்து ரோலிங் ரூம். 2015இலிருந்து இரவுக்குப் பொறுப்பு. அப்புறம் இந்த வரி, இதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: "மழை நாளில் கொழுந்து வந்த நேரம், ஈரம், காற்று விட்ட நேரம், டிரையர் வெளிச்சூடு ஒவ்வொரு இரவும் எழுதி வைப்பேன். 7 கொப்பி இருக்கிறது."

தேயிலைத் தொழிற்சாலைக்குள் நின்றவர்களுக்கு இந்த வரியின் எடை தெரியும். மழையில் பறித்த கொழுந்தின் மேல் தண்ணீர் நிற்கும். அதன் மேல் உடனே சூடான காற்றை விட்டால் கொழுந்து பழுதாகும், முதலில் சாதாரணக் காற்றை விட்டு மேல் தண்ணீரைப் போக்க வேண்டும், தொட்டியில் வழக்கத்தைவிடக் குறைத்து மெல்லியதாக விரிக்க வேண்டும், பிறகுதான் சூடு. எவ்வளவு நேரம் என்பது அன்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்தது, அதற்குத்தான் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரண்டையும் பார்த்து வித்தியாசத்தைக் குறிப்பார்கள். பல இடத்தில் அந்தப் பதிவேடு காலையில் துரை வருவதற்கு முன் ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பப்படும், நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காமல் 3 வருடமாகத் தன் சொந்தக் கொப்பியில் எழுதி வைத்த ஆள் என் வேண்டாம் பகுதியில் கிடந்தார்.

கூப்பிடலாம் என்று பார்த்தால் தொலைபேசி இலக்கத்தில் 9 இலக்கம்தான். கைபேசிக்கு 07இல் தொடங்கி 10 இருக்க வேண்டும், ஒன்று விடுபட்டிருக்கிறது. சரி, மின்னஞ்சலுக்குப் பதில் போட்டேன். பதில் வந்தது கடைக்காரரிடமிருந்து! விண்ணப்பம் அடித்து அனுப்பிய கொமியூனிகேஷன் கடையின் மின்னஞ்சல் அது. நானே கடைக்கு அழைத்துக் கதையைச் சொன்னதும் அந்த மனிதர் பதறிப்போனார். "சேர், என் மெசின்ல நல்லாத்தானே இருந்திச்சு? தம்பி இரவு வேலை சேர், ரீலோட் போட வருவாரு, வந்ததும் சொல்றேன்" என்றார். மறுநாளே அந்தத் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது.

அந்தக் கடைக்காரரோடு பேசியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர் எல்லாருக்கும் ஒரே பழைய கோப்பைத் திறந்து, முன்னால் வந்தவரின் பெயரை அழித்துவிட்டு அடுத்தவரின் பெயரைப் போடுகிறார். அனுபவத்துக்கென்று அந்தக் கோப்பில் இடமே கிடையாது, ஏனென்றால் அது பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளுக்காக எப்போதோ செய்தது. அதனால்தான் 9 வருட வேலை "ஏனையவை"யின் கீழ் போனது. பிறகு என் கூப்பிடலாம் பகுதியை விரித்துப் பார்த்தேன். அழகாக இருந்தவற்றில் 4 சீவிக்கு ஒரே கரை, ஒரே நீல நிறம், "எனது குறிக்கோள்" என்று ஒரே வாசகம். நகரத்தில் இன்னொரு கடை. நான் கவனமான ஆள் என்று மதிப்புப் போட்டதெல்லாம் அந்தக் கடைக்காரரின் கவனத்துக்கு. நம் பக்கத்தில் சீவி என்பது பெரும்பாலும் விண்ணப்பதாரர் கையால் வருவதில்லை. லயத்தில் கணினி கிடையாது, கைபேசியில் 4 பக்கம் அடிப்பது லேசில்லை, ஆகவே கடைக்குப் போகிறார்கள். எந்தக் கடைக்குப் போனார் என்பது பஸ் வழியையும் கையில் இருந்த காசையும் பொறுத்தது. தாளின் தோற்றத்தை வைத்து ஆளை எடைபோட்டால் நாம் எடைபோடுவது கடையை.

ஆளைத் தேர்ந்தது எப்படி என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொப்பி இருக்கிறது என்று எழுதியதற்காக மட்டும் வேலை கொடுக்க முடியாது. 6 பேரைக் கூப்பிட்டோம், இவர் ஆறாவது. 6 பேருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, தொழிற்சாலைக்குள் வைத்தே. முதலில் ஒரு தொட்டியைக் காட்டி வாட்டம் சரியா என்று கேட்டேன். தெரிந்தவர் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார். நன்றாக வாடிய கொழுந்து உருண்டையாக நின்று மெல்ல அவிழும், காம்பு வளையும், ஒடியாது. வாடாதது உடனே உதறி விரியும், காம்பு படக்கென்று ஒடியும். 3 பேர் தொட்டியின் மேல்பகுதியிலிருந்து எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இவர் கையை அடிவரை விட்டு ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, மேலே ஒரு பிடி, அப்புறம் காற்றாடிப் பக்கத்திலிருந்தும் கடைசி மூலையிலிருந்தும் எடுத்து, "அந்த மூலை இன்னும் ஆகல்ல சேர்" என்றார். உண்மைதான், அந்த மூலையில் காற்று குறைவு, எங்களுக்கே தெரிந்த பழைய குறை அது.

இரண்டாவது கேள்வி டிரையரைப் பற்றி. வெளியேறும் காற்றின் சூடு 46 பாகைக்கு இறங்கிவிட்டது, என்ன செய்வீர்கள்? அது 52, 55 என்ற அளவில் நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் தூள் காய்வதற்குப் பதிலாக உள்ளேயே அவிந்துபோகும், சாயத்தில் உயிர் இருக்காது. மிக அழகான சீவி அனுப்பிய பட்டதாரி "சூட்டைக் கூட்ட வேண்டும்" என்றார். தவறென்று சொல்ல முடியாது, ஆனால் அவசரமாகக் கூட்டினால் தூளின் வெளிப்பக்கம் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும், பெட்டிக்குள் போன பிறகுதான் கெட்டது தெரியும். இவர் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டார்: "தூள் எவ்வளவு கனமாப் போகுது சேர்? விறகு மாத்தினாங்களா?" முதலில் உள்ளே போகும் தூளைக் குறைப்பேன், அப்புறம் அடுப்பைப் பார்ப்பேன், மழைக்காலத்தில் ஈர விறகாகத்தான் இருக்கும் என்றார். பிறகு பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, இதே மாதிரி ஒரு இரவில் என்ன செய்தார் என்று காட்டினார். ஓரம் எல்லாம் தேயிலைக் கறை. 2 நிறப் பேனை, சூடு சிவப்பில், நேரம் நீலத்தில். ஒரு பக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, "நான் பார்த்தது பிழை" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

வேலையைக் கொடுத்தோம். நான் அங்கிருந்து விலகும்வரை 4 வருடம் அவர் இருந்தார், இரவில் எனக்கு அழைப்பு வருவது மிகவும் குறைந்தது. இதுவரை உறுதியாகச் சொல்வேன். அவர் வந்த அடுத்த வருடம் எங்கள் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைத்தது, அதை அவர் கணக்கில் எழுத மாட்டேன். அதே வருடம் 2 தொட்டிக்குக் காற்றாடி மாற்றினோம், காலநிலையும் ஒத்துழைத்தது. ஒரு ஆள் வந்ததால் விலை ஏறியது என்று சொல்வதற்கு அந்த ஒரு வருடம் போதாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்களுக்கு முழுக் கணக்கும் வராது. ஆங்கிலத்துக்கு W என்றிருந்தது பொய்யில்லை. தலைமை அலுவலகத்துக்குத் தினமும் காலையில் ஆங்கிலத்தில் அறிக்கை போக வேண்டும், முதல் மாதம் அவரால் அதை எழுத முடியவில்லை. கிளார்க்கர் கூடவே உட்கார்ந்து பழக்கினார், பிறகு வசனம் தேவைப்படாமல் எண் மட்டும் நிரப்பும் படிவமாக அதை மாற்றினோம். மாற்ற முடியாத இடமாக இருந்திருந்தால் அது உண்மையான குறைதான், நான் வேறு ஆளை எடுத்திருப்பேன். பெறுபேறு சொல்லும் செய்தியை மதிக்க வேண்டும், அது எந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து மதிக்க வேண்டும். இதற்கு என் அனுபவம் மட்டும் ஆதாரம் இல்லை. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படித்த வருடங்களும் வேலை செய்த வருடங்களும் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதை மிகக் குறைவாகவே காட்டின. வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்முகமும் நன்றாகக் காட்டின. 2022இல் சாக்கெட் என்பவரும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கைத் திருத்தி எண்களைக் குறைத்தார்கள், ஆனால் ஒரே கேள்விகள் கேட்கும் நேர்முகம் அதிலும் முதலிடத்தில் நின்றது.

இப்போது உங்கள் 60க்கு வருகிறேன். என் 43இல் வாசிக்க முடியாதவை 9. அந்த இரவுக்குப் பிறகு 9ஐயும் திரும்ப எடுத்தேன். 2 பேர் பதிலே தரவில்லை. 5 பேருக்குத் தொழிற்சாலைப் பழக்கமே இல்லை. ஒருவர் பொதி கட்டும் பகுதியில் மட்டும் இருந்தவர். மிச்சம் இவர். எனவே அலங்கோலமான தாளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு திறமைசாலி ஒளிந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலானவர்கள் பொருந்தாதவர்கள்தான். அழகான தாள்களிலும் பெரும்பாலானவர்கள் பொருந்தாதவர்கள்தான். இரண்டிலும் ஒரே நிலைமை என்பதால்தான் தோற்றத்தை வைத்துப் பிரிப்பதில் பயனில்லை. 9ஐயும் பார்க்க எனக்கு ஆனது ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் போகாது.

பார்க்கும் முறையில் நான் மாற்றியது மிகக் கொஞ்சம். கோப்புகளைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலைக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்று 3 வரி எழுதிக்கொள்கிறேன். அந்த வேலைக்கு என்றால் இரவுப் பொறுப்பில் இருந்திருக்கிறாரா, வாட்டமும் டிரையரும் இரண்டும் தெரியுமா, பதிவு வைக்கும் பழக்கம் உண்டா என்பவை. ஒவ்வொரு சீவியிலும் அந்த 3க்குப் பதிலைத் தேடி ஒரு தாளில் குறிக்கிறேன். அந்தத் தாளில் எல்லாருடைய பதிலும் என் கையெழுத்தில்தான் இருக்கும், யாருடைய சீவி அழகு என்பது அங்கே தெரியாது, தெரிவு அந்தத் தாளைப் பார்த்துத்தான். வாசிக்க முடியாததை யாரும் கஷ்டப்பட்டு வாசிக்கத் தேவையில்லை. உங்கள் கோப்பு இங்கே திறக்கவில்லை, இந்த 3 கேள்விக்கும் வாட்ஸ்அப்பில் பதில் எழுதுங்கள், எழுதச் சிரமம் என்றால் பேசி அனுப்புங்கள் என்று ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பினால் போதும்.

உடைந்த தாள் எதனால் உடைந்தது என்று பெரும்பாலும் பார்த்த உடனே சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி, இறக்கிப் போட்டு மாற்றிப் பாருங்கள். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உங்கள் கணினியில் அந்த எழுத்தைக் காட்டும் எழுத்துரு இல்லை, கைபேசியில் திறந்தால் பெரும்பாலும் தெரியும். அட்டவணை மட்டும் ஓடிப்போயிருந்தால் அது கைபேசியில் செய்து கணினியில் திறந்ததாகவோ வேறு பதிப்பு வேர்டாகவோ இருக்கும். இவை எதுவும் ஆளைப் பற்றிய செய்தி இல்லை. ஆனால் 2 வேலைகளின் திகதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது, எந்த இடம் என்று சொல்லாமல் பெரிய பெரிய பொறுப்புகளை மட்டும் அடுக்குவது, சாரதி அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்று நீங்கள் தெளிவாகக் கேட்டும் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது, இவையெல்லாம் ஆளைப் பற்றிய செய்தி. இவை எந்த அழகான தாளிலும் இருக்கும், அதற்கு விலக்கு கொடுக்காதீர்கள். அனுப்பிய தாளே செய்யப்போகும் வேலையாக இருந்தால், உதாரணத்துக்கு அலுவலகத் தட்டச்சு, கடிதப் போக்குவரத்து என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்கு ஓரளவு ஆம் என்றே சொல்வேன். அப்போதும் கடையில் அடித்ததா சொந்தமாக அடித்ததா என்று தாள் சொல்லாது. ஒரு கடிதத்தைக் கொடுத்து உங்கள் முன்னால் 20 நிமிடம் அடிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

அந்தக் கொமியூனிகேஷன் கடைக்கு ஒரு நாள் நேரில் போனேன். யூனிகோடில் அடிக்கவும், அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக மாற்றவும் சொல்லிக்கொடுத்தேன், தொலைபேசி இலக்கத்தை எண்ணிப் பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டேன். மனிதர் ஒவ்வொன்றையும் ஒரு கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து வந்தவை எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. அனுபவம் மட்டும் பழையபடி "ஏனையவை"யின் கீழேதான் வந்துகொண்டிருந்தது, அதனால் நான் இன்றைக்கும் சீவியைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறேன்.